எந்த உறுதிக் கடிதம்?

கேள்வி: சுங்கை சிப்புட் அருகே ஒரு செம்பனை ஆலையின் ஆய்வுக்கூடத்தில் நான்கு ஆண்டுகளாக வேலை செய்கிறேன். வீட்டுக் கடனுக்காகத் தலைமையகத்தின் மனிதவளப் பிரிவுக்கு மலாயில் எழுதியதைத் தமிழில் தருகிறேன்: “வங்கிக் கடனுக்காக, என் சம்பளம் 3,100 ரிங்கிட் என்று குறிப்பிட்டு, சூராட் பெங்கெசாஹான் ஜாவாத்தானை விரைவில் கொடுக்கவும்.” சம்பளச் சீட்டின் நகலும் இணைத்துள்ளேன். இதைத் திருத்தித் தருவீர்களா?

– ஒரு வாசகி

பதில்: அன்புள்ள சகோதரி, உங்கள் மலாயில் இலக்கணப் பிழை ஏதும் இல்லை, திருத்த வேண்டியவை கடிதத்தின் பெயரும் சம்பளத் தொகையும்தான். ‘பெங்கெசாஹான் ஜாவாத்தான்’ என்பது, தகுதிகாண் காலம் முடிந்து பணி நிரந்தரமானபோது தரப்படும் கடிதத்தையும் குறிக்கும். நான் தோட்ட அலுவலகத்தில் கிராணியாக இருந்தபோது, இப்படிக் கேட்டவருக்குப் பழைய கோப்பிலிருந்து அந்தக் கடிதத்தின் நகலையே எடுத்துக் கொடுத்து, அவர் வங்கியிலிருந்து வெறுங்கையோடு திரும்பி வந்ததைப் பார்த்து வருந்தியிருக்கிறேன். நீங்கள் ‘சூராட் பெங்கெசாஹான் மஜிக்கான்’ என்று எழுதி, இன்றும் பணியில் இருப்பதை உறுதிசெய்யும் புதிய கடிதம் வேண்டும் என்பதையும் சேர்த்துவிடுங்கள்.

அடுத்தது 3,100 ரிங்கிட். உங்கள் சீட்டின்படி அடிப்படைச் சம்பளம் 2,300, மாதந்தோறும் மாறாத வீட்டுப் படி 200, மீதி 600 ஓவர்டைம். ஓவர்டைம் பணத்துக்கு இபிஎஃப் பிடிப்பதில்லை என்பதால், உங்கள் பங்கான 11 விழுக்காடு 2,500 ரிங்கிட்டுக்குத்தான் கணக்கிடப்பட்டு, 275 ரிங்கிட்டாகச் சீட்டில் இருக்கிறது. கடிதத்தில் 3,100 என்று மட்டும் இருந்தால், இபிஎஃப் அறிக்கையில் 275ஐப் பார்க்கும் வங்கி அதிகாரிக்கு இரண்டும் பொருந்தாமல் போய், விளக்கம் கேட்பார். அதற்குள் வாரங்கள் ஓடிவிடும். ஆகவே தொகையை நீங்களே சொல்லாமல், மூன்றையும் தனித்தனியே காட்டும்படி கேளுங்கள்.

உங்கள் வாக்கியம் இப்படி அமையட்டும்: “வீட்டுக் கடன் விண்ணப்பத்துக்காக, இன்ன வங்கியின் மேலாளருக்கு முகவரியிட்டு, என் பதவி, பணியில் சேர்ந்த நாள், நிரந்தரப் பணி நிலை, அடிப்படைச் சம்பளம், நிலையான படி, ஓவர்டைம் ஆகியவற்றைத் தனித்தனியே குறிப்பிடும் பெங்கெசாஹான் மஜிக்கான் கடிதத்தை இன்ன தேதிக்குள் வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.” ‘விரைவில்’ என்ற சொல் எந்த நாளையும் குறிக்காததால், வங்கி கொடுத்த கெடுவுக்குச் சில நாள் முன்னதாக ஒரு தேதியை எழுதுங்கள். கடன் தொகையை எழுதத் தேவையில்லை.

கையெழுத்துக்கு மேல் ஆலையில் அழைக்கும் பெயரைப் போட்டிருக்கிறீர்கள். மைகார்டில் உள்ளபடி, தந்தை பெயருக்கு முன் வரும் ‘ஏ/பி’ உட்பட முழுப்பெயரையும், ஊழியர் எண்ணையும், அடையாள அட்டை எண்ணையும் எழுதுங்கள். அந்த எண்ணின் முதல் ஆறு இலக்கங்கள் ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் உங்கள் பிறந்த தேதியாக இருக்கும். பெண் என்பதால் கடைசி இலக்கம் இரட்டைப்படையாக இருக்கும். தட்டச்சில் இவை இடம் மாறியிருந்தால் இப்படியே கண்டுபிடித்துவிடலாம். பதில் கடிதம் கைக்கு வந்ததும் இதே சோதனையை அதிலும் செய்து, நிறுவனத்தின் முத்திரையும் கையெழுத்திட்டவரின் பதவியும் தொலைபேசி எண்ணும் இருக்கின்றனவா என்று பார்த்த பிறகே வங்கிக்குக் கொண்டு செல்லுங்கள்.