அம்மாவுக்கு 120 தேவையா?

"தக்கலையில் இருக்கோம். அம்மாவுக்கு 72 வயசு, சுகர் இல்லை. மாத்திரையில் பிரஷரின் மேல் எண் 136 நிக்குது. டாக்டர் 120-க்குக் கீழே வரணும்ங்கிறார். காலையில் எழும்பும்போது தலை சுத்துது. தேவையா?"

டாக்டர் சொல்வதற்கு ஆதாரம் உண்டு. 2015-இல் வந்த ஸ்பிரின்ட் ஆய்வில், சுகரும் பக்கவாதமும் வராத 9,361 பேரில் பாதிப் பேருக்கு 120-க்குக் கீழே, மீதிப் பேருக்கு 140-க்குக் கீழே என்று இலக்கு வைத்தார்கள். முதல் கூட்டத்தில் மாரடைப்பு, இதயச் செயலிழப்பு போன்றவை கால்பங்கு குறைந்தன, சாவும் குறைந்தது. ஆனால் மூன்று வருஷம் சுமார் 61 பேரை அப்படிக் கவனித்தால்தான் ஒருவருக்கு அந்தப் பாதிப்பு தடுக்கப்படும். அதோடு தாழ் அழுத்தம், மயக்கம், சிறுநீரகக் கோளாறு, உப்புச்சத்து மாறுவது எல்லாம் கூடுதலாக வந்தன.

எனக்கு உறுத்துவது அந்தத் தலைசுற்றல்தான். எழுந்து நின்று ஒரு நிமிஷத்தில் 110-க்குக் கீழே இறங்குபவர்களை அந்த ஆய்வில் சேர்க்கவே இல்லை. அதனால் முதலில் அம்மாவுக்கு உட்கார்ந்து ஒரு தடவை, எழுந்து ஒரு நிமிஷம் கழித்து ஒரு தடவை பாருங்கள். நின்றால் 108 என்று வந்தால், மாத்திரை கூட்டும் முன் அதை டாக்டரிடம் காட்டியே ஆகணும்.

அப்புறம், அந்த ஆய்வில் ஐந்து நிமிஷம் சும்மா உட்கார வைத்து, மூன்று தடவை எடுத்துச் சராசரி பார்த்தார்கள். பஸ் இறங்கி வேகமாக நடந்து வந்ததும் எடுத்த 136, அந்தக் கணக்கில் 136 ஆகாது. மாத்திரை கூட்டினால் கிரியாட்டினின், சோடியம், பொட்டாசியம் எப்போது பார்க்கணும் என்றும் கேளுங்கள்.