கொடுத்த ஆவணத்தையே புதிய அதிகாரி மறுபடி கேட்டால்: ஜி.எஸ்.டி. கேள்வி பதில்

கிருஷ்ணகிரி, கிரானைட் வியாபாரம்: ரிட்டர்னில் முரண்பாடு இருக்குன்னு வந்த ASMT-10 நோட்டீசுக்கு ஜூலையிலேயே பதில் போட்டாச்சு. இப்ப அதிகாரி மாறிட்டார். அதே பில், லாரி ரசீது, பேங்க் ஸ்டேட்மென்ட்டைத் திரும்பக் கேட்கிறார். "ஏற்கெனவே கொடுத்துவிட்டோம்"னு ஒரு வரி எழுதினா போதுமா சார்?

போதாது. பழைய கட்டு அவர் மேஜைக்கு வராமலே இருக்கலாம். வந்தாலும் எந்தக் கேள்விக்கு எந்தப் பக்கம் பதில் என்று அவருக்குத் தெரியாது. அந்த ஒரு வரியைப் பார்த்து "ஆவணம் தாக்கல் செய்யவில்லை" என்று எழுதி, வரி கட்டச் சொல்லும் DRC-01 நோட்டீசை அனுப்பிவிட்டால், அதற்கும் பதில் சொல்லணும். ஆர்டரே எதிராக வந்தால் அப்பீலுக்குத் தகராறில் உள்ள வரியில் 10 சதவீதம் முன்கூட்டியே கட்டணும். மறுபடி ஜெராக்ஸ் எடுப்பது அதைவிட எவ்வளவோ மலிவு.

முதலில் போர்ட்டலில் Services > User Services > View Additional Notices/Orders போய், அந்தக் கேஸைத் திறந்து, Replies பகுதியில் உங்கள் பதிலையும் இணைப்புகளையும் இறக்கிக்கொள்ளுங்க. கம்ப்யூட்டரில் கிடக்கும் ஃபைலின் தேதியை நம்பி அட்டவணை போடாதீங்க. ஃபைல் 10-ம் தேதி தயாராகி 14-ம் தேதி ஏறியிருக்கும். அட்டவணையில் 10 என்று இருந்து போர்ட்டல் 14 என்று காட்டினால், மற்ற வரிகளையும் சந்தேகப்படுவார்.

அட்டவணையைப் புதிய கடிதத்தின் கேள்வி எண் வரிசையிலேயே போடுங்க, பழைய நோட்டீஸ் வரிசையில் வேண்டாம். ஒரு மாதிரி:

கேள்வி 1: கொள்முதல் பில் 41. தாக்கல் 14.07.2025, போர்ட்டல் பதில், ARN எண். அன்று பக்கம் 1–41. இப்போதும் இணைப்பு பக்கம் 1–41.

கேள்வி 2: லாரி ரசீது 38. தாக்கல் 02.08.2025, நேரில், அலுவலகத் தபால் பிரிவின் முத்திரை நகல் பக்கம் 80. இப்போது பக்கம் 42–79. மீதி 3 லோடு சப்ளையரின் சொந்த வண்டியில் வந்தவை. அவற்றின் இ-வே பில் பக்கம் 81–83.

கேள்வி 3: பேங்க் ஸ்டேட்மென்ட். முன்பு ஏப்ரல்–டிசம்பர் மட்டும். ஜனவரி–மார்ச் இப்போது முதல் முறையாக, பக்கம் 84–97.

இரண்டாவது, மூன்றாவது வரிகளைக் கவனிங்க. அட்டவணை போட உட்கார்ந்தால்தான் 41 பில்லுக்கு 38 ரசீதுதான் போயிருக்கிறது, மூன்று மாத ஸ்டேட்மென்ட் போகவே இல்லை என்பதெல்லாம் வெளியே வரும். புதிதாகத் தருவதை "ஏற்கெனவே கொடுத்தது" என்ற தலைப்புக்குள் நுழைக்காதீங்க. ஒரு வரி பொய்யானால் மொத்த அட்டவணையும் செத்துப்போகும்.

ஓசூர்: 129-ம் பிரிவுப்படி புது அதிகாரி பழையவர் விட்ட இடத்திலிருந்துதானே தொடரணும்? திரும்பக் கேட்கவே கூடாதே?

நீங்கள் சொல்வது 1961 வருமான வரிச் சட்டத்தின் 129. விட்ட இடத்திலிருந்து தொடரலாம் என்றுதான் அதிலும் இருக்கு. திரும்பக் கேட்கக் கூடாது என்று இல்லை. ஜி.எஸ்.டி. சட்டத்தில் 129 என்பது வழியில் சரக்கையும் வண்டியையும் நிறுத்திவைப்பது. கடிதத்தில் அதை எழுதிடாதீங்க.

இங்கே கைகொடுப்பது ஜி.எஸ்.டி. சட்டத்தின் 75(4), நேரில் விசாரணை. பழைய அதிகாரி முன்னால் விசாரணை முடிந்து புதியவர் ஆர்டர் போடப் போகிறார் என்றால், தன் முன்னால் மறுபடி விசாரணை வைக்கச் சொல்லி எழுத்தில் கேளுங்க. வாதத்தைக் கேட்டவர் ஒருவர், தீர்ப்பு எழுதுபவர் இன்னொருவர் என்பது சரியில்லை என்று உச்ச நீதிமன்றம் 1958-லேயே சொல்லியிருக்கிறது.

அரூர்: நான் நேர்ல போய்க் கொடுத்தேன்ணா. முத்திரை எதுவும் போட்டுத் தரலை. இப்ப என்ன பண்றது?

முத்திரை இல்லாத தேதியை அட்டவணையில் தாக்கல் தேதியாகப் போடாதீங்க. "நேரில் கொடுக்கப்பட்டது, ஒப்புகை பெறவில்லை" என்று உள்ளபடி எழுதி, எல்லாவற்றையும் இன்றைய தேதியில் புதிதாகக் கொடுங்க. இந்த முறை இரண்டு செட் கொண்டுபோய், உங்கள் செட்டின் முகப்புக் கடிதத்தில் முத்திரையும் தேதியும் வாங்கிட்டுத்தான் கிளம்பணும். போர்ட்டலில் பதில் போட வழி திறந்திருந்தால் அதிலேயும் ஏற்றிடுங்க.

பாலக்கோடு, மாங்கூழ் தொழில்: எல்லாத்தையும் திரும்பக் கொடுத்தா, பழையவர் விட்டதைப் புதியவர் தோண்ட மாட்டாரா?

தோண்டலாம். அதனால்தான் சில ஆடிட்டர்கள் அட்டவணையும் ஒப்புகை நகலும் மட்டும் கொடுத்து, "தேவைப்பட்டால் மறுபடி தருகிறோம்" என்று எழுதுகிறார்கள். அதுவும் தவறில்லை. ஆனால் சரக்கு வந்து சேர்ந்ததா என்பதே கேள்வியாக இருக்கும்போது, எடைமேடைச் சீட்டும் லாரி ரசீதும் அவர் கையில் இருப்பதுதான் உங்களுக்குப் பலம் என்பது என் எண்ணம். கேட்காத வருஷத்துக் காகிதத்தை மட்டும் கட்டோடு சேர்த்துக் கட்டிடாதீங்க.