உருண்டைச் சிவப்பணுக்கள்: கேள்வி பதில்

பரம்பரை உருண்டைச் சிவப்பணு நோயில் அணுக்கள் நீரை உறிஞ்சி வீங்கித்தான் உருண்டையாகின்றன என்று படித்தேன். சரிதானே?

உருண்டையாவது உண்மை, வீங்குவதால் அல்ல. உள்ளிருக்கும் அளவு ஏறத்தாழ அப்படியே இருக்க, அதைச் சுற்றியுள்ள சவ்வு குறைந்துகொண்டே போகிறது. சவ்வுக்கு அடியில் ஸ்பெக்ட்ரின் புரத வலை ஒன்று உண்டு. அன்கைரின், பேண்ட் 3 போன்ற புரதங்கள் சவ்வை அந்த வலையோடு பிணைக்கின்றன. மரபணுப் பிழையால் இந்தப் பிணைப்பு தளர்ந்தால், ஆதாரமற்ற இடங்களில் சவ்வு நுண்குமிழிகளாகக் கழன்று போய்விடுகிறது.

எண்களில் பார்த்தால் இது தெளிவாகும். இயல்பான சிவப்பணுவின் கொள்ளளவு சுமார் 90 கன மைக்ரான், மேற்பரப்பு சுமார் 140 சதுர மைக்ரான். அதே 90 கன மைக்ரானை உருண்டையாக அடைக்க 97 சதுர மைக்ரான் போதும். மீதமுள்ள 43தான் அணு தட்டையாக இருக்கவும் மடங்கி நெளியவும் உதவும் தாராளம். இந்நோயில் கரைவது அந்தத் தாராளமே.

என் மகளுக்கு உப்புக் கரைசல் சோதனையில் 0.65 சதவீதத்திலேயே அணுக்கள் உடைவதாக வந்திருக்கிறது. உணவில் உப்பைக் கூட்ட வேண்டுமா, குறைக்க வேண்டுமா?

இரண்டும் வேண்டாம். அந்த எண் சோதனைக் குழாயில் இருந்த கரைசலைக் குறிக்கிறது, உடலில் உள்ள உப்பை அல்ல. இரத்தத்தின் செறிவு ஏறத்தாழ 0.9 சதவீத உப்புக் கரைசலுக்குச் சமமாகவே சிறுநீரகங்களால் காக்கப்படுவதால், நாளங்களுக்குள் அவளுடைய அணுக்கள் இப்படி நீர் புகுந்து வெடிப்பதில்லை.

சோதனையில், செறிவு படிப்படியாகக் குறையும் கரைசல்களில் இரத்தத்தைச் சிறிது சிறிதாகக் கலந்து, எந்தக் குழாயில் ஹீமோகுளோபின் வெளியேறித் திரவம் சிவக்கிறது என்று பார்க்கிறார்கள். 140 சதுர மைக்ரான் சவ்வுள்ள அணு, முழு உருண்டையாகி உடையும் முன் நீரை ஏற்று ஏறத்தாழ 155 கன மைக்ரான் கொள்ளளவு வரை விரியும். ஆகவே சுமார் 0.5 சதவீதம் வரை தாக்குப்பிடிக்கும். சவ்வு 110 ஆகச் சுருங்கிய அணுவோ 108 கன மைக்ரானிலேயே எல்லையை எட்டிவிடும். 0.65இல் உடையத் தொடங்குவதற்குக் காரணம் இதுதான்.

ஆய்வகத்தில் பணிபுரிகிறேன். தன்னெதிர்ப்பு இரத்தச் சிதைவிலும் இதே முடிவு வருகிறதே. அணுக்களில் எதிர்ப்பொருள் ஒட்டியிருக்கிறதா என்று காட்டும் கூம்ஸ் சோதனையைப் பார்க்காமல் பரம்பரை நோய் என்று பெயர் சூட்டலாமா?

கூடாது. அங்கே எதிர்ப்பொருள் ஒட்டிய சவ்வைப் பெருவிழுங்கணுக்கள் கடித்தெடுப்பதால் உருண்டைகள் உண்டாகின்றன. காரணம் எதுவென்று உப்புக் கரைசலுக்குத் தெரியாது. இதற்கு நேர்மாறான சிக்கலும் உண்டு. நோய் லேசாக இருந்தாலோ, இரும்புக் குறைவு அல்லது பித்தக்குழாய் அடைப்பு சேர்ந்திருந்தாலோ, முடிவு இயல்பாகவே வந்து ஏமாற்றும். இரத்தத்தை 37 பாகையில் 24 மணி நேரம் வைத்திருந்து மீண்டும் சோதித்தால், மறைந்திருந்த சில நோயாளிகள் பிடிபடுவார்கள். பேண்ட் 3இல் ஒட்டும் இ.எம்.ஏ சாயச் சோதனை கிடைக்குமிடத்தில் அதையே நான் முதலில் கேட்பேன்.

இவை பழுதானவை என்று மண்ணீரலுக்கு எப்படித் தெரிகிறது?

அடையாளம் பார்த்தெல்லாம் பிடிப்பதில்லை. அதன் வழி அவ்வளவு குறுகலானது, அவ்வளவே. மண்ணீரலின் செங்கூழ் என்ற உட்பகுதியில் இறங்கும் இரத்தம் சிரைக்குத் திரும்ப, நாளச் சுவர்ச் செல்களுக்கு இடையேயுள்ள, ஒரு மைக்ரான் அளவே அகன்ற இடுக்குகளில் நுழைந்தாக வேண்டும். எட்டு மைக்ரான் விட்டமுள்ள இயல்பான அணு, தளர்ந்த துணிப்பையைப் போல மடங்கி அதில் நழுவிவிடுகிறது. உருண்டைக்கு மடங்கச் சவ்வு இல்லாததால் அது செங்கூழிலேயே தேங்குகிறது. அங்கே குளுக்கோஸ் குறைவு, அமிலத்தன்மை அதிகம், பெருவிழுங்கணுக்களும் நெருக்கம். தேங்கிய அணு மேலும் சவ்வை இழக்கிறது. தப்பிச் செல்வது அடுத்த சுற்றில் இன்னும் எளிதாக மாட்டிக்கொள்கிறது. 120 நாள் வாழ வேண்டியது, கடுமையான நோயில் சில நாட்களிலேயே முடிந்துவிடுகிறது.

அப்பாவுக்கு மண்ணீரல் எடுத்துப் பல ஆண்டுகள் ஆகின்றன. ஸ்லைடில் இன்னும் உருண்டைகள் தெரிகின்றன. அறுவை தோற்றுவிட்டதா?

ஹீமோகுளோபின் நிலைபெற்று, இளம் சிவப்பணுக்களான ரெட்டிகுலோசைட்டுகளும், அணுக்கள் சிதைவதால் உண்டாகும் பிலிருபினும் இறங்கியிருந்தால் அறுவை பலித்திருக்கிறது. மரபணு மாறவில்லை, ஆகவே உருண்டைகள் தொடரும். அவற்றைத் தேக்கும் இடம் மட்டுமே நீங்கியிருக்கிறது. அவருக்கு நிமோகாக்கஸ் முதலியவற்றுக்கான தடுப்பூசிகள் நடப்பில் உள்ளனவா என்று பாருங்கள். மண்ணீரல் இல்லாதவருக்குத் தொற்று வேகமாக முற்றக்கூடும் என்பதால், காய்ச்சல் வந்தால் அன்றே மருத்துவரிடம் செல்ல வேண்டும். இந்தத் தொற்று அபாயத்துக்கு அஞ்சியே குழந்தைகளுக்கு, இயன்றால், ஆறு வயது வரை அறுவையைத் தள்ளிப்போடுகிறார்கள். சிலர் மண்ணீரலின் ஒரு பகுதியை விட்டுவைக்கிறார்கள். விட்ட பகுதி மீண்டும் வளர்ந்து சிதைவு திரும்பக்கூடும் என்பதால், எவ்வளவு விடுவது என்பதில் அறுவை மருத்துவர்களிடையே இன்னும் ஒருமித்த கருத்து இல்லை.