இந்தாம்மே என்றே தொடங்குங்கள்

கேள்வி: குடியாத்தத்தில் லுங்கி நெய்தவன் நான். 1976 ஆவணியில் கல்யாணம்; வரும் ஆவணியோடு ஐம்பது வருஷம். மனைவிக்கு ஒரு கடிதம் கொடுக்க ஆசை. உட்கார்ந்தால் ‘என் வாழ்வின் ஒளியே’ என்றுதான் வருகிறது. இதுவரை ‘இந்தாம்மே’ என்றுதான் கூப்பிட்டிருக்கிறேன். அவள் ராட்டையில் நூலைத் தார் சுற்றித் தருவாள், நான் நெய்வேன். வெளியே கூட்டிப்போனது என்றால், 1981-ல் வேலூர் கோட்டைக் கோயிலுக்கு லிங்கம் திரும்ப வந்த சமயம்தான். வெயிலில் செருப்பில்லாமல் நடந்தாள். ஐந்தாவது வரை படித்தவள். பேரன் கம்ப்யூட்டரில் அடித்துத் தருகிறேன் என்கிறான். எப்படி எழுதட்டும்?

— ஒரு வாசகர், குடியாத்தம்

பதில்: ஐயா, அந்தச் செருப்பைப் பற்றி எழுதுங்கள். இத்தனை வருஷம் கழித்தும் உங்கள் மனசில் நிற்பது அதுதான். நீங்கள் பார்த்தீர்கள் என்பது அவருக்குத் தெரியுமோ என்னவோ. பார்த்தும் சொல்லாமல் விட்டதைச் சொல்வதுதான் இந்தக் கடிதத்தின் வேலை.

இரண்டாவது, தார். தறிக்காரர் வீட்டில் கூலி நெய்த துணிக்குத்தான் வரும். ராட்டையில் உட்கார்ந்து தார் சுற்றியவருக்குத் தனிக்கணக்கு கிடையாது. அதை அவர் கேட்டிருக்கவும் மாட்டார். நீங்களாகவே எழுதினால் அவருக்கு எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

‘தியாகச் சுடர்’, ‘பொறுமையின் சிகரம்’ எல்லாம் மேடைக்காரர்களிடமே இருக்கட்டும். நீங்கள் பேசுகிறபடி, இப்படி:

*இந்தாம்மே,*
*கோட்டைக்குப் போன அன்னிக்கு நீ வெறுங்கால்ல நடந்தத நான் பாத்தேன். பாக்காத மாதிரி முன்னால போனேன். நீ ஒரு வார்த்த சொல்லல. செருப்பு வாங்கித் தந்திருக்கணும்னு இப்பவும் நெனச்சிக்கினு இருக்கேன். நான் நெய்த எல்லாத்துலயும் நீ சுத்தின தார் இருக்குது. கூலிய மட்டும் நான் தனியா போய் வாங்கினேன். உன்ன எனக்கு ரொம்பப் புடிக்கும்மே. மறுபடியும் ஒரு வாட்டி கோட்டைக்குப் போயிட்டு வரலாம், வர்றியா?*

விட்டுப்போனதை நீங்கள் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆனால் வருத்தம் ஒன்றிரண்டோடு நிற்கட்டும். பட்டியல் நீண்டால், நல்ல நாள் அதுவுமாக அவர் உட்கார்ந்து உங்களைத் தேற்ற வேண்டியிருக்கும். கடைசி வரி கேள்வியாக இருப்பதும் அதற்காகத்தான். அவருக்குப் பதில் சொல்ல ஒன்று வேண்டும். வருகிறேன் என்றால், கிளம்புவதற்கு முன் செருப்புக் கடைக்குப் போங்கள்.

பேரனிடம் கொடுக்காதீர்கள். கை நடுங்கினாலும் உங்கள் எழுத்தே இருக்கட்டும். கோடு போட்ட தாளில் ஒரு வரி விட்டு ஒரு வரி, பட்டையான கறுப்புப் பேனாவால் பெரிதாக எழுதுங்கள். மெல்லிய நீல எழுத்து வயதான கண்ணுக்குச் சட்டென்று பிடிபடாது. ஒரு பக்கம் போதும். ஐந்தாவது படித்தவர் யார் துணையும் இல்லாமல் தானே படித்து முடிக்க வேண்டும். இடையில் பேத்தியைக் கூப்பிட்டு வாசிக்கச் சொல்லும்படி ஆகக்கூடாது.

விழா அன்று கொடுக்க வேண்டாம். வீடு நிறையச் சொந்தக்காரர்கள் இருப்பார்கள், யாராவது மைக்கில் வாசிக்கச் சொல்வார்கள். முந்தின நாள், வீட்டில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்துக் கொடுத்துவிட்டு வெளியே போய்விடுங்கள். திரும்பி வந்ததும் ‘படிச்சியா?’ என்று கேட்காதீர்கள். அவராகச் சொல்வார். அன்றே சொல்லாவிட்டாலும் பரவாயில்லை.