ஒலியை நிறுத்திவிட்டு ஒரு நிமிடம்

கேள்வி: என் மகளுக்கு நான்கு வயது. பரபரப்பில்லாத, எளிதில் புரியும் அனிமேஷன் படத்தை எப்படித் தேர்ந்தெடுப்பது? படத்துக்குக் கொடுக்கப்பட்டிருக்கும் வயதுச் சான்று போதுமா?

போதாது. வயதுச் சான்று வன்முறை, ஆபாசம் போன்றவற்றைப் பார்த்துத் தரப்படுவதே தவிர, படம் எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்பதை அது சொல்வதில்லை.

என் மகனுக்குக் காட்டும் முன், படத்தின் நடுப்பகுதியில் ஏதேனும் ஒரு நிமிடத்தை ஒலியை நிறுத்திவிட்டுப் பார்த்து, காட்சி எத்தனை முறை வெட்டி மாறுகிறது என்று எண்ணுவேன். பத்து, பன்னிரண்டுக்குள் இருந்தால் நல்லது; இருபதைத் தாண்டினால் ஒதுக்கிவிடுவேன். இது நானாக வகுத்துக்கொண்ட கணக்குதான். ஒவ்வொரு வெட்டிலும் இது எந்த இடம், முன்பு பார்த்த அதே ஆள்தானா என்பதைக் குழந்தை புதிதாகக் கண்டுகொள்ள வேண்டியிருக்கிறது. நமக்கு அது பழகிப்போனதால் தெரிவதில்லை. தொடக்கக் காட்சியை வைத்து முடிவு செய்யாதீர்கள், பல படங்கள் அமைதியாகத் தொடங்கிப் பிறகுதான் ஓட்டமெடுக்கின்றன.

அடுத்து, கண்ணை மூடிக்கொண்டு ஒரு நிமிடம் கேளுங்கள். இசை வசனத்தை அமுக்குகிறதா, இருவர் ஒரே நேரத்தில் பேசுகிறார்களா என்பது உடனே தெரிந்துவிடும். மொழிமாற்றுப் படங்களில், வாயசைப்புக்குள் வசனத்தை அடக்க வேண்டியிருப்பதால், பேச்சு அவசரமாகிவிடுவதும் உண்டு.

இவ்விரண்டிலும் தேறிய படத்துக்கும் கடைசிக் கால் பகுதியை முழுவதுமாகப் பார்த்துவிட வேண்டும் என்பதை, 1988-இல் வெளிவந்த, ஜப்பானிய இயக்குநர் ஹயாவோ மியாசாகியின் ‘மை நெய்பர் டோட்டோரோ’ எனக்குக் கற்றுத் தந்தது. அதில் வில்லன் கிடையாது. மழையில் இரு சிறுமிகள் பேருந்துக்காகக் காத்திருக்கும் காட்சியில், குடைமேல் சொட்டும் துளிகளைத் தவிர நெடுநேரம் ஒன்றுமே நடப்பதில்லை. ஆனால் இறுதிப் பகுதியில் தங்கை காணாமல் போகிறாள், குளத்தில் ஒரு சிறு செருப்பு கிடைக்கிறது. அது அவளுடையதன்று என்று தெரியும்வரை கழியும் சில நிமிடங்கள் நான்கு வயதுக்குக் கனமானவை.

படத்தின் நீளம் 86 நிமிடங்கள். இரண்டு முதல் நான்கு வயதுவரை திரை நேரம் நாளுக்கு ஒரு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் பரிந்துரைத்திருப்பதால், முதல் நாள் பேருந்துக் காட்சியோடு நிறுத்திக்கொண்டோம். மறுநாள், தங்கை பத்திரமாகக் கிடைத்துவிடுவாள் என்பதை முன்பே சொல்லிவிட்டுத்தான் மீதியைப் போட்டேன் (குழந்தைகளுக்குக் கதையின் முடிவு தெரிவதால் சுவை குறைவதில்லை). செருப்பு வந்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டானே தவிர அழவில்லை. படம் முடிந்ததும் அவன் கேட்டது ஒன்றுதான்: “அப்போ அந்தச் செருப்பு யாரோடது அப்பா?”