காலைச் சாப்பாடும் அரைமணி நேர நிறுத்தமும்

கேள்வி: "நெடுந்தூர லாரி ஓட்டுறேன். மூணு நாள், நாலு நாளைக்கு ஒரு தடவைதான் வெளிக்குப் போகுது, அதுவும் முக்கி முக்கி. வேளாவேளைக்குச் சாப்பிட முடியாத இந்த வேலையில இதைச் சரி பண்ண முடியுமா? யாராவது சரி பண்ணியிருக்கீங்களா?"

பண்ணியிருக்கிறேன். 16 வருடமாக வண்டி ஓட்டுகிறேன். அதில் 3 வருடம் இதே அவஸ்தைதான். சரியாவதற்கு ஏறக்குறைய ஆறு வாரம் பிடித்தது. நான் மாற்றியதில் பெரும்பகுதி என்ன சாப்பிட்டேன் என்பது இல்லை. எப்போது சாப்பிட்டேன், சாப்பிட்ட பிறகு எங்கே இருந்தேன் என்பதுதான்.

அப்போது என் நாள் இப்படித்தான் போகும். விடியற்காலை எழுந்ததும் வெறும் வயிற்றில் ஒரு டீ, உடனே வண்டி. போக்குவரத்து கூடுவதற்குள் தூரத்தைக் கடந்துவிட வேண்டும் என்று 5 மணி நேரம் நிற்காமல் ஓட்டுவேன். முதல் சாப்பாடு 11 மணிக்கு. அதையும் அவசரமாக முடித்து, கை கழுவிய ஈரம் காய்வதற்குள் வண்டியை எடுத்துவிடுவேன். அடுத்தது ராத்திரி 10 மணிக்கு, பசி தாங்காமல் வயிறு முட்ட. உடனே படுக்கை. தண்ணீர்ப் பாட்டில் இருக்கைக்குப் பக்கத்திலேயே கிடக்கும், ஆனால் சிறுநீருக்கு நிறுத்த வேண்டிவரும் என்று பயந்து வாயை நனைக்கும் அளவுதான் குடிப்பேன். நாள் முழுக்க ஒரு லிட்டர்கூட உள்ளே போயிருக்காது.

இதில் நான் கவனிக்காமல் விட்ட விஷயம் ஒன்று உண்டு. அந்த 11 மணிச் சாப்பாடு முடிந்து வண்டியை எடுத்த கால் மணி, இருபது நிமிடத்தில் அடிவயிறு லேசாக முட்டும். அப்போது நெடுஞ்சாலையில் இருப்பேன். ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, உட்கார்ந்த நிலையை மாற்றி, பல்லைக் கடித்தால் சில நிமிடத்தில் அது அடங்கிவிடும். அடங்கியதே என்று நிம்மதியாகவும் இருக்கும். சாயங்காலம் வண்டியை நிறுத்திவிட்டு கழிப்பறையில் போய் உட்கார்ந்தால் ஒன்றும் வராது. மூன்றாம் நாள் வரும்போது ஆட்டுப் புழுக்கை மாதிரி கட்டி கட்டியாக, எரிச்சலோடு வரும்.

முதலில் மருந்துக்கடையில் மாத்திரை வாங்கிப் போட்டேன். குடலைத் தூண்டிவிடும் வகை அது. போட்டு 6 மணி நேரத்திலிருந்து 12 மணி நேரத்துக்குள் வேலை செய்யும். ராத்திரி போட்டால் காலையில் சரியாகிவிடும் என்று வீட்டில் இருப்பவர் நம்பலாம். எனக்கு அது வேலை செய்தது ஒரு நீளமான பாலத்தின் நடுவில். வயிற்றைப் பிசைகிற வலியோடு, நிறுத்த இடமில்லாமல் ஓட்டிய அந்தப் பதினைந்து நிமிடம் ரொம்ப ஆபத்தானது. கண் ரோட்டில் இல்லை. அதன்பிறகு ஓட்டத்துக்கு முந்தின ராத்திரி அந்த மாத்திரையைத் தொடுவதில்லை.

அடுத்து, நார்ச்சத்து சாப்பிடு என்று ஒருவர் சொன்னதைக் கேட்டு ஒரே நாளில் தவிடும் பச்சைக் காய்களும் அள்ளி அள்ளிச் சாப்பிட்டேன். தண்ணீரை மட்டும் கூட்டவில்லை. நான்கு நாளில் வயிறு உப்பி, வாயு அடைத்து, இருந்ததைவிட மோசமானது. நார் தண்ணீரை உறிஞ்சிப் பிடித்துவைத்துத்தான் மலத்தை மிருதுவாக்கும் என்பது அப்போது தெரியாது.

பிறகுதான் டாக்டரிடம் போனேன். வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டு, வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறேன் என்று கேட்டார். நெஞ்செரிச்சலுக்கு மென்று விழுங்கும் மாத்திரையைச் சொன்னேன். அலுமினியமோ கால்சியமோ சேர்ந்த அமில முறிவு மருந்துகளும் மலத்தை இறுக்கும் என்றார். இரும்புச்சத்து மாத்திரை, சில பலமான வலி மாத்திரைகள் எல்லாம் அப்படித்தானாம். அப்புறம் ஒரு காகிதத்தைக் கொடுத்து, "நேத்து எழுந்ததுல இருந்து படுத்தது வரைக்கும் மணி போட்டு எழுதுங்க தம்பி" என்றார். எழுதிக் கொடுத்தேன். 11 மணிக்குக் கீழே கோடு போட்டுவிட்டு அவர் சொன்னதை அப்படியே இங்கே எழுதுகிறேன்.

"வயித்துல சாப்பாடு விழுந்ததும் பெருங்குடல் தானா அசைஞ்சு, உள்ள இருக்கறதைக் கீழே தள்ளும். தூங்கும்போது அது அடங்கிக் கிடக்கும், எழுந்ததும் முழிச்சுக்கும். அதனால எழுந்த பிறகு சாப்பிடுற முதல் சாப்பாட்டுக்குத்தான் அந்தத் தள்ளல் பலமா இருக்கும். நீங்க அந்தச் சாப்பாட்டையும் தள்ளிப் போடுறீங்க, சாப்பிட்ட அரைமணி நேரத்துல ரோட்டுல வேற இருக்கீங்க. உடம்பு கூப்பிடுது, நீங்க போகலை. அடக்கினா அது காணாமப் போயிடாது, அங்கேயே உட்கார்ந்திருக்கும். பெருங்குடல் அதுல இருக்கற தண்ணியை உறிஞ்சிக்கிட்டே இருக்கும். நாளாக நாளாக மலக்குடலும் நிறைஞ்சு கிடக்கறதுக்குப் பழகி, கூப்பிடுறதையே குறைச்சுடும்."

மூன்று வருடமாக நான் பல்லைக் கடித்து ஜெயித்ததாக நினைத்ததெல்லாம் இதுதான்.

மாற்றியது இப்படி. எழுந்து ஒரு மணி நேரத்துக்குள் முதல் சாப்பாடு. அதுவும் கழிப்பறை இருக்கிற இடத்தில். சாப்பிட்டு முடித்ததும் வண்டியை எடுப்பதில்லை, அரைமணி நேரம் அங்கேயே இருப்பேன். சும்மா உட்கார்ந்திருக்க மனம் வராது, அதனால் வழக்கமாகக் கிளம்புவதற்கு முன்னால் செய்கிற வேலைகளைச் சாப்பாட்டுக்குப் பின்னால் தள்ளினேன்: டயரைத் தட்டிப் பார்ப்பது, தார்ப்பாய்க் கயிற்றை இழுத்துப் பார்ப்பது, எண்ணெய் பார்ப்பது. வண்டியைச் சுற்றி நடந்த மாதிரியும் ஆகும். உணர்வு வந்தால் உடனே போவேன். வராவிட்டாலும் ஒருமுறை போய் உட்காருவேன், ஆனால் 10 நிமிடத்துக்கு மேல் இல்லை, முக்கவும் மாட்டேன். முக்கினால் மூலம் வரும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். நாற்காலி மாதிரி உட்காரும் கழிப்பறை என்றால், கால் வைக்க ஒரு சின்ன மரப்பெட்டி வண்டியில் வைத்திருக்கிறேன். முழங்கால் இடுப்பைவிட உயர்ந்து, உடம்பு கொஞ்சம் முன்னால் சாய்ந்தால் மலக்குடலின் வளைவு நேராகி எளிதாக இறங்கும். குந்தி உட்காரும் கழிப்பறையில் இந்தப் பெட்டி தேவையில்லை.

ராத்திரி 2 மணிக்குக் கிளம்பும் நாளில் என்ன செய்வது என்று கேட்பீர்கள். அந்நேரம் சாப்பிட்டுப் பார்த்தேன், எனக்கு வேலை செய்யவில்லை. எனவே அந்த நாட்களில் 6 மணி வாக்கில் ஒரு நல்ல இடத்தில் நிறுத்தி, அங்கே முதல் முழுச் சாப்பாட்டையும் அந்த அரைமணியையும் வைத்துக்கொண்டேன். மணி மாறினாலும் வரிசை மாறக் கூடாது: சாப்பாடு, நிறுத்தம், கழிப்பறை, அப்புறம்தான் ரோடு.

தண்ணீருக்கு ஒரு வழி கண்டுபிடித்தேன். ஓட்டும்போது குடிப்பதில்லை. இரண்டரை மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்துவது என்று வைத்துக்கொண்டு, நிறுத்தியதும் முதல் வேலையாக அரை லிட்டர் குடிப்பேன். பாட்டிலில் மார்க்கரால் பாதியில் ஒரு கோடு. அந்தக் கோடு வரை குடித்துவிட்டு, கை காலை உதறி, சிறுநீர் கழித்துவிட்டுத்தான் ஏறுவது. நாளுக்கு 2 லிட்டர் தாண்டியது. சிறுநீர் அடர்த்தியான மஞ்சளாக இருந்தால் இன்னும் போதவில்லை என்று தெரிந்துகொள்வேன்.

நார்ச்சத்தை இந்த முறை வாரத்துக்கு ஒன்றாகச் சேர்த்தேன். முதல் வாரம் தினம் இரண்டு பழம் மட்டும், முடிந்தவரை தோலோடு. இரண்டாம் வாரம் மதியத்தில் ஒரு கிண்ணம் வேகவைத்த பயறு. மூன்றாம் வாரம் இரவில் வேகவைத்த காய். இரவுச் சாப்பாட்டை 8 மணிக்குக் கொண்டுவந்து அளவைக் குறைத்தேன். அதோடு நெஞ்செரிச்சலும் போனது, அந்த மாத்திரையும் நின்றது.

டீசல் கணக்கு எழுதும் நோட்டிலேயே ஓரத்தில் குறித்து வந்தேன். முதல் வாரம் இரண்டே தடவை, பழையபடி கட்டி. விட்டுவிடலாம் என்று தோன்றியது. இரண்டாம் வாரம் மூன்று தடவை, கட்டிகள் ஒன்று சேர்ந்து வெடிப்பு விட்ட மாதிரி வந்தது. நான்காம் வாரம் ஒருநாள் கயிற்றை இழுத்துக்கொண்டிருக்கும்போதே உணர்வு வந்தது. கையில் இருந்ததை உதவியாளரிடம் கொடுத்துவிட்டு ஓடினேன். முக்கவே இல்லை, மூன்று நிமிடத்தில் முடிந்தது. அன்று முழுக்க வயிறு காலியாக, இடுப்பு லேசாக இருந்தது. ஆறாம் வாரத்தில் ஏழு நாளில் ஐந்து தடவை. இப்போதும் அதுதான் என் கணக்கு. தினமும் போயே ஆக வேண்டும் என்று இல்லை. வாரத்துக்கு மூன்றுக்குக் குறையாமல், மிருதுவாக, சிரமமில்லாமல் போனால் போதும் என்றார் டாக்டர்.

"அண்ணே, இந்த அரைமணி நேரம் நமக்கு லேட் ஆகாதா?" என்று உதவியாளர் ஆரம்பத்தில் கேட்டான். ஆகும்தான். அதை ஈடுகட்ட வேகமாக ஓட்டாதீர்கள். நான் இரவில் சீக்கிரம் சாப்பிட்டு, அரைமணி முன்னால் படுத்து, அரைமணி முன்னால் எழுந்தேன்.

இடையில் ஒருமுறை மறுபடி அடைத்தது. சரக்கு இறக்க வரிசையில் இரண்டு நாள் நின்றோம், கழிப்பறை வெகுதூரம், இடத்தை விட்டால் வரிசை போய்விடும். பழையபடி அடக்கினேன். அந்த நேரத்துக்கு டாக்டர் சொல்லியிருந்தது, குடலைத் தூண்டாமல் மலத்தில் தண்ணீரைச் சேர்க்கும் மருந்து. அது மெதுவாக, ஒன்றிலிருந்து மூன்று நாளில் வேலை செய்யும். ஓட்டம் இல்லாத நாளில் ஆரம்பித்தேன், சரியானது. உங்களுக்கு எது என்பதை டாக்டரிடம் கேட்டு வாங்குங்கள்.

ஒன்றை மட்டும் கவனமாகப் பாருங்கள். பல நாள் அடைத்துக் கிடந்து, திடீரென்று தண்ணீராகக் கசிந்தால் அதைப் பேதி என்று நினைத்து பேதியை நிறுத்தும் மாத்திரை போடாதீர்கள். உள்ளே இறுகிய கட்டியைச் சுற்றிக்கொண்டு தண்ணீர் மட்டும் வெளியே வருவதாக இருக்கலாம். அதேபோல மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது, ரத்தசோகை இருந்தால் இந்த ஆறு வாரக் கணக்கெல்லாம் பார்க்காமல் டாக்டரிடம் போய்விடுங்கள். 45, 50 வயதுக்கு மேல் மலம் போகும் பழக்கம் புதிதாக மாறினாலும் அப்படித்தான். வாந்தியோடு வயிறு உப்பி, வாயுவும் பிரியாமல் வலித்தால் அன்றே, அந்த மணியே போக வேண்டும்.

இவை எதுவும் இல்லையென்றால், அடுத்த மூன்று நாள் ஓட்டத்தை மணி போட்டு எழுதுங்கள்: எழுந்தது, முதல் சாப்பாடு, வண்டி எடுத்தது, வயிறு முட்டியது. அதைக் கீழே கருத்தில் போடுங்கள். எந்த இடத்தில் நிறுத்தத்தை நகர்த்தலாம் என்று சேர்ந்து பார்ப்போம்.