அத்தை படிக்கும் வாழ்த்து

என் அண்ணன் மகளுக்கு அடுத்த மாதம் சேலத்தில் மஞ்சள் நீராட்டு விழா. மண்டபத்தில், சொந்தபந்தம் எல்லோர் முன்னாலும் அத்தை நான் ஒரு வாழ்த்துக் கவிதை படிக்க வேண்டுமாம். தேடிப் பார்த்தால் கிடைப்பதெல்லாம் மொட்டு மலர்ந்தது, தேன் சுரந்தது என்றே இருக்கிறது. எட்டாம் வகுப்பு படிக்கும் பிள்ளை, கூச்சத்தில் நெளிவாள். பெரியவர்களும் ரசிக்கும்படி எப்படி எழுதுவது?
– ஓர் அத்தை, ஏற்காடு

அந்த மொட்டையும் தேனையும் நீங்கள் ஒதுக்கியதே பாதி வேலை. மீதிப் பாதி, யாரைப் பார்த்துப் பேசுகிறோம் என்பது. அச்சடித்து வரும் வாழ்த்துகள் சபையைப் பார்த்து அவளைப் பற்றிப் பேசுகின்றன. நீங்கள் அவளைப் பார்த்தே பேசுங்கள், சபை கேட்டுக்கொண்டிருக்கட்டும். அப்போது அவள் உடம்பு தானாகவே கவிதையை விட்டு விலகிவிடும். கல்யாணம், மாப்பிள்ளை என்ற பேச்சும் வேண்டாம். இன்னொன்று, உங்களுக்கு மகன் இருந்தால் மைக்கில் ‘மருமகளே’ என்று கூப்பிடாதீர்கள். முறைப்படி சரிதான், ஆனால் பின்வரிசையில் கேலி கிளம்பும். அப்புறம் யாரும் கவிதையைக் கேட்க மாட்டார்கள்.

வடிவத்துக்கு வெண்பா எல்லாம் தேவையில்லை. வரிக்கு நாலு சீர், இரண்டிரண்டு வரிக்கு ஓர் எதுகை, அதாவது இரண்டாம் எழுத்து ஒத்து வருவது, அது போதும். எதுகை இருந்தால் முதல் வரி முடியும்போதே பெரியவர்கள் அடுத்த வரிக்குக் காது கொடுப்பார்கள். உங்களுக்காக ஒன்று எழுதிப் பார்த்தேன்:

இருபது வளைவும் இறங்கி வந்தேன்
ஒருசொல் வாழ்த்து உனக்குச் சொல்ல.
மஞ்சள் நீராடி மணையில் அமர்ந்தாய்
அஞ்சாமல் நிமிர்ந்து அவையைப் பார்ப்பாய்.
அப்பா தோளும் அம்மா மடியும்
எப்போதும் போலே உனக்கே சொந்தம்.
வெள்ளிக் கொலுசு காலில் கொஞ்சட்டும்
பள்ளிப் பையும் தோளில் தொடரட்டும்.
தாய்மாமன் தந்த சீர்வரிசை வாழ்க
ஆய்ந்துநீ கற்பதும் உன்சீர் ஆகுக.
கோட்டை மாரி துணையாய் நிற்கப்
பாட்டிகள் போற்றப் பல்லாண்டு வாழ்க!

ஏற்காட்டு மலைப்பாதையின் இருபது கொண்டை ஊசி வளைவும் சேலத்துக்காரர்களுக்குத் தெரியும். முதல் வரியிலேயே ஒரு சிரிப்பு எழும், உங்கள் நடுக்கமும் அதில் போய்விடும். அப்பா தோள் என்ற வரியை வேண்டுமென்றே வைத்தேன். பெண் பெரியவளானதும் பல வீடுகளில் அப்பா சட்டென்று தள்ளி நிற்க ஆரம்பித்துவிடுகிறார். ‘எப்போதும் போலே’ என்பது பெண்ணைவிட உங்கள் அண்ணனுக்கு. அந்த இடத்தில் அவரையும் ஒரு பார்வை பாருங்கள்.

தாய்மாமன் வரியில்தான் அதிகம் யோசித்தேன். ‘ஆய்ந்துநீ கற்பது அதனினும் பெரிதே’ என்றுதான் முதலில் வந்தது. ஓசை நன்றாகத்தான் இருந்தது. ஆனால் தட்டு தட்டாகச் சீர் சுமந்து வந்து, மாலை போட்டு நிற்கிற மனிதர் முன்னால், அதுவும் அப்பா வீட்டு அத்தை வாயிலிருந்து இப்படி வந்தால், ‘எங்க சீர் சின்னதாப் போச்சா?’ என்று அம்மா வீட்டுப் பக்கம் முணுமுணுப்பு வரும். அதனால் ஒப்பிடாமல், படிப்பையும் ஒரு சீராகப் பக்கத்திலேயே வைத்துவிட்டேன்.

கோட்டை மாரியம்மன் உங்கள் வீட்டில் கும்பிடும் தெய்வம் இல்லையென்றால் குலதெய்வத்தின் பெயரைப் போடுங்கள். அப்போது ‘பாட்டிகள்’ வரியும் அதற்கேற்ற எதுகைக்கு மாற வேண்டும். காளி என்றால் ‘தோழிகள் போற்ற’ என்று எழுத ஆசை வரும், ஆனால் ளகரமும் ழகரமும் வேறு வேறு எழுத்து, எதுகை காதில் அவ்வளவாக ஒட்டாது. ‘காளியம்மன் உனக்குக் காவலாய் நிற்க, நாளும் வளர்ந்து நலமாய் வாழ்க’ என்று முடிக்கலாம்.

முதல் நாளே அவளிடம் தாளைக் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். எந்த வரியில் அவள் முகம் சுருங்குகிறதோ அதை அடித்துவிடுங்கள், காரணம் கேட்க வேண்டாம். இரண்டு வரி போனாலும் மற்றது நிற்கும்.

விழாவில், தாய்மாமன் மாலை போட்டுச் சீர் வைத்த பிறகு, மற்றவர்கள் சந்தனம் பூச வரிசை கட்டுவதற்கு முன்னால் படியுங்கள். பந்திக்குக் கூப்பிட்டுவிட்டால் அவ்வளவுதான், கம்பனே வந்தாலும் ஆள் தேறாது. போனைப் பார்த்துப் படிக்காதீர்கள், பாதியில் அழைப்பு வரும். தாளில் பெரிய எழுத்தில் எழுதி, ஒவ்வோர் இரண்டு வரிக்கும் நடுவே இடம் விட்டு வையுங்கள். அந்த இடைவெளியில் நிமிர்ந்து அவளைப் பாருங்கள். மேளக்காரரிடம் மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், ‘வாழ்க’ என்று காதில் விழுந்ததும் கெட்டிமேளம் தட்டிவிடுவார்கள். உங்கள் கவிதையில் அது இரண்டு இடத்தில் வருகிறது, இரண்டாவதுக்குத்தான் தட்ட வேண்டும்.